ரீச்சர் ஏன் ‘ஹாய் பிரண்ட்ஸ்’ சொல்லவேணும்?

எங்கட பிளட்டில மூண்டாம் மாடியில ஒரு ரீச்சர் இருக்கிறா. விஞ்ஞானம் படிப்பிச்சவ, ஓய்வு பெற்றிட்டா. மகள் ரொறொன்ரோவில. பாமன்கடையில எங்கட ஒழுங்கையில சொதி வாசம் வந்தா அது எந்த வீட்டுக் குசினி எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை. அவவுக்கு ஒரு சமையல் சனல் தொடங்கவேணும் எண்டு ஆசை வந்தது. எழுதத் தெரிஞ்ச பெடியன் எண்டு என்னைக் கூப்பிட்டா. ‘சனலைப் பற்றி நாலு வரியும், வீடியோ தொடங்கேக்கை சொல்ல ரெண்டு வரியும் எழுதித் தா தம்பி.’

ஆறு வரிதானே எண்டு நினைச்சன். அந்த ஆறு வரியையும் ஒழுங்கா எழுத மூண்டு மாதம் எடுத்தது. அந்த மூண்டு மாதத்தில நான் என்னென்ன பிழை விட்டன் எண்டதைத்தான் இங்க எழுதிறன். ஏனெண்டா எங்களில கன பேர் அம்மாவுக்கோ அம்மம்மாவுக்கோ மாமிக்கோ இப்படி ஒரு சனலைத் தொடக்கிக் குடுக்கிறம். பேரப்பிள்ளை எழுதுறதை அவை வாசிக்கினம். ரெண்டாம் வீடியோவிலேயே அவையின்ர சொந்தக் குரல் காணாமப் போயிடுது.

நான் முதல் எழுதிக் குடுத்தது இது: ‘ஹாய் பிரண்ட்ஸ், எல்லாருக்கும் வணக்கம். எங்கட சனலுக்கு உங்களை அன்போடு வரவேற்கிறேன். இன்னைக்கு நாம பார்க்கப் போறது ரொம்ப ரொம்ப சுவையான, ஆரோக்கியமான, எல்லாருக்கும் பிடிச்ச சொதி. வாங்க வீடியோவுக்குள்ள போகலாம். அதுக்கு முன்னாடி சப்ஸ்கிரைப் பண்ணாதவங்க பண்ணிக்கோங்க, பெல் பட்டனையும் அமத்திடுங்க.’

இதில ஒரு சொல்லும் ரீச்சரின்ர இல்லை. என்னுடையதும் இல்லை. நான் பார்த்த நூறு வீடியோவில இருந்து என்ர காதில ஒட்டிக்கொண்டு வந்தது. ‘நாம’, ‘ரொம்ப’, ‘போகலாம்’ எண்டு எங்கட ஒழுங்கையில ஆரும் கதைக்கிறதில்லை. ரீச்சர் அதைக் கடதாசியில பார்த்து வாசிச்சா. வாசிக்க முப்பத்தைஞ்சு விநாடி போனது. அதுக்குப் பிறகுதான் அடுப்பே தெரிஞ்சது.

யூடியூப் ஸ்டூடியோவில ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு கோடு கீறிக் காட்டும். எந்த நேரத்தில எத்தினை பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கினம் எண்டு. முதல் முப்பதாவது விநாடியில எத்தினை வீதம் பேர் மிச்சம் எண்டதை அது தனியாவும் சொல்லும். எங்கட கோடு ‘ஆரோக்கியமான’ எண்ட சொல்லுக்குக் கிட்ட செங்குத்தா விழுந்தது. ஆனா அந்தக் கோட்டை நம்புறதிலயும் ஒரு அளவு இருக்கு. நாப்பது பேர் பார்த்த வீடியோவில நாலு பேர் பஸ்ஸில இருந்து இறங்கினாலே கோடு சரிஞ்சிடும். அதனால ஒரு வீடியோவை வச்சு முடிவெடுக்கேல்ல. ஒன்பது வீடியோவிலயும் அதே இடத்தில விழுந்த பிறகுதான், பிழை சொதியில இல்லை, என்ர வரியில எண்டு விளங்கிச்சு.

ஒன்பதாவது வீடியோவுக்குப் பிறகு ரீச்சர் சொன்னா, ‘தம்பி, காணும். எனக்கு இது ஆரோ ஒரு ஆள் நடிக்கிற மாதிரிக் கிடக்கு.’

அண்டைக்குப் பின்னேரம் நான் கமராவைக் கழட்டிக்கொண்டிருக்க, மகள் போன் எடுத்தவ. சொதி வச்சதாம், திரைஞ்சு போச்சாம். ரீச்சர் எப்படி இருக்கிறாய், சாப்பிட்டியோ எண்டு ஒண்டும் கேக்கேல்ல. நேர கேட்டா: ‘தேசிக்காய்ப்புளியை எப்ப விட்டனீ? அடுப்பில இருக்கேக்கையோ, இறக்கினாப் பிறகோ?’

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, ‘அடுப்பில’ எண்டு சின்னக் குரல்ல பதில் வந்தது. ரீச்சர் சிரிச்சிட்டு ஏன் அப்படி நடக்குது எண்டு ரெண்டு நிமிசம் விளங்கப்படுத்தினா. நான் கழட்டின கமராவைக் கையில வச்சுக்கொண்டு நிண்டன். மூண்டு மாதமா நான் தேடின முதல் வரி அந்தக் கேள்விதான்.

அதில என்ன இருக்கு எண்டு பாருங்கோ. வணக்கம் இல்லை, வரவேற்பு இல்லை, சுவை எண்ட சொல்லே இல்லை. எதிரில இருக்கிற ஆளுக்கு என்ன பிழைச்சது எண்டு தெரிஞ்ச ஒரு ஆளின்ர கேள்வி மட்டும் இருக்கு. ‘சொதி’ எண்டு தேடி வாற ஆள் ரெண்டில ஒண்டுதான்: ஒருக்காலும் வைக்காத ஆள், அல்லது வச்சுத் திரைஞ்ச ஆள். ரெண்டாவது ஆளுக்கு அந்தக் கேள்வி நெஞ்சில குத்தும். முதலாவது ஆளுக்கு இதில எங்க கவனம் வேணும் எண்டு தொடக்கத்திலேயே தெரிஞ்சிடும்.

திரையிறதின்ர காரணமும் சின்னது. தேங்காய்ப்பால் எண்டது தண்ணியில எண்ணெய்த் துளிகள் மிதக்கிற ஒரு கலவை. அந்தத் துளிகள் ஒண்டோட ஒண்டு சேராமப் பிடிச்சு வச்சிருக்கிறது பாலில உள்ள புரதம். கொதி கூடினா புரதம் கட்டிபடும், புளி பட்டாலும் கட்டிபடும். கொதியும் புளியும் ஒரே நேரத்தில வந்தா தப்பவே ஏலாது. அதனாலதான் வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாத்தையும் தண்ணிப்பாலில அவியவிட்டு, கடைசியாக் கெட்டிப்பாலை விட்டு, அடுப்பைக் குறைச்சுத் துழாவிக்கொண்டே நிண்டு, ஓரத்தில நுரை எழும்பத் தொடங்க இறக்கிறது. கை பொறுக்கிற சூட்டுக்கு வந்தாப் பிறகுதான் தேசிக்காய். மேல வெள்ளைப் பொருக்கும் கீழ தெளிஞ்ச தண்ணியும் தெரிஞ்சா, அது திரைஞ்சிட்டுது எண்டு அர்த்தம், திருப்பிச் சேர்க்க ஏலாது.

பத்தாவது வீடியோ இப்படித் தொடங்கிச்சு: ‘சொதி திரைஞ்சு போச்சோ? தேசிக்காய்ப்புளியை அடுப்பில இருக்கேக்கை விட்டிருப்பியள். எப்ப விடவேணும், ஏன் அப்ப விடவேணும் எண்டு இண்டைக்குப் பாப்பம் பிள்ளையள்.’ பத்து விநாடி. அந்தப் பத்து விநாடியும் கமரா சட்டிக்கு மேல. ரீச்சரின்ர முகம் பிறகுதான் வருது.

‘பிள்ளையள்’ எண்ட சொல்லில எனக்கும் அவவுக்கும் சண்டை வந்தது. பார்க்கிற ஆக்களில ஐம்பது வயசுக்காரரும் இருப்பினம், கோவிப்பினம் எண்டு சொன்னன். ரீச்சர் சொன்னா, ‘ஐம்பது வயசிலயும் சொதி திரைஞ்சா பிள்ளைதான்.’ நான் தோத்திட்டன். தோத்தது நல்லது. ‘பிரண்ட்ஸ்’ எண்டு சொல்லேக்கை அவ ஆரையும் பார்த்துச் சொல்லேல்ல. ‘பிள்ளையள்’ எண்டு சொல்லேக்கை கண்ணில ஒரு வகுப்பறை தெரியுது.

இனி சனலைப் பற்றின அறிமுக வரிகள். வீடியோவின்ர முதல் வரி அங்கேயே நிக்கிற ஆளைப் பிடிக்கிறதுக்கு. அறிமுகம் அதுக்குப் பிறகு வாற ஆளுக்கு: ஒரு வீடியோ பிடிச்சுப் போய், ‘இவ ஆர்?’ எண்டு சனல் பக்கத்துக்கு வந்து பார்க்கிறவருக்கு. போனில அந்தப் பக்கத்தில அறிமுகத்தின்ர தொடக்கம் மட்டும்தான் தெரியும். மிச்சத்தை வாசிக்க அமத்தவேணும். கன பேர் அமத்தமாட்டினம். ஆகவே முதல் வசனத்தில இருக்கிறதுதான் அறிமுகம், மிச்சம் எல்லாம் விரும்பினவைக்கு.

நான் எழுதின முதல் வசனம், ‘பாரம்பரிய உணவுகளை உலகறியச் செய்யும் நோக்கில் உருவாக்கப்பட்ட சனல்.’ இதை இடியப்பச் சனலுக்கும் போடலாம், பிட்சா சனலுக்கும் போடலாம். பிறகு ரீச்சர் தான் ஒண்டு எழுதினா. அது கச்சேரிக்குப் போடுற விண்ணப்பம் மாதிரி இருந்தது: பிறந்த ஊர், படிச்ச பாடசாலை, பயிற்சிக் கலாசாலை, சேவைக்காலம், கடைசியா ‘சமையலில் ஆர்வம் உண்டு.’ ஒரு காலத்து மரியாதை அது, எனக்கு விளங்குது. ஆனா சமைக்க வாற ஆளுக்கு அவவின்ர சேவைக்காலம் எதுக்கு உதவும் எண்ட கேள்விக்கு அதில பதில் இல்லை.

பதில் இருக்கு, ஆனா வேற இடத்தில. விஞ்ஞானம் படிப்பிச்ச ஆள் எண்டபடியால் அவ ‘கொஞ்சம்’, ‘தேவையான அளவு’ எண்டு சொல்லமாட்டா. ஏன் எண்டு கேட்டா காரணம் சொல்லுவா. அதுதான் வேற சமையல் சனலிலயிருந்து இதைப் பிரிக்கிறது. அவவின்ர ரீச்சர் வேலையை அறிமுகத்தில சேர்க்கவேணும், சேவைப் பதிவா இல்லாமல் சமைக்கிற விதமாச் சேர்க்கவேணும் எண்டு அப்பதான் விளங்கிச்சு.

எழுதத் தொடங்கினாப் பிறகு இன்னொரு சிக்கல். சனல் அறிமுகத்துக்கு யூடியூப் விடுறது 1000 எழுத்து. தாராளம் எண்டு நினைப்பியள். ஆனா கணினி எழுத்தெண்ணிற விதம் வேற. நாங்கள் ‘தேங்காய்ப்பால்’ எண்டதை ஏழு எழுத்து எண்டு எண்ணுவம். கணினியில புள்ளி ஒரு குறி, கால் ஒரு குறி, கொம்பு ஒரு குறி. அதின்ர கணக்கில அந்தச் சொல் பதினாலு. ஆகவே தமிழில எழுதுற ஆளுக்கு அந்த ஆயிரம் அரைவாசிக்குக் கொஞ்சம் கூடத்தான். ‘அன்பார்ந்த நேயர்களே’ எண்டு இடத்தை வீணாக்கக் கட்டாது.

கடைசியா நிண்டது இதுதான்:

‘யாழ்ப்பாணத்துச் சாப்பாடு, கொழும்பு பாமன்கடையில ஒரு சின்னக் குசினியில இருந்து. தனியச் சமைக்கிற ஆக்களுக்கு, ரெண்டு பேருக்கான அளவில.

நான் விஞ்ஞானம் படிப்பிச்ச ரீச்சர். ஏன் திரையுது, ஏன் அடிப்பிடிக்குது எண்டு காரணம் சொல்லித்தான் சமைப்பன்.

என்ர ஒரு சுண்டு ரின்பால் பேணியால ஒண்டு, கிட்டத்தட்ட 300 மில்லிலீற்றர். தேக்கரண்டி எண்டா மட்டமா வழிச்சது.

வெள்ளிக்கிழமையில ஒரு கறி. பிழைச்சா கீழ எழுதுங்கோ. என்ன செய்தனீங்கள் எண்டும் சேர்த்து எழுதுங்கோ.’

முதல் ரெண்டு வசனத்தில எந்தச் சாப்பாடு, எந்தக் குசினி, ஆருக்கு எண்ட மூண்டும் வந்திட்டுது. சுண்டுக் கணக்கு ஏன் அங்க வந்தது எண்டு கேக்கலாம். வெள்ளவத்தையில அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற பெடியளிட்ட ரின்பால் பேணி இருக்கும். ரொறொன்ரோவில பிறந்த பிள்ளையிட்ட அளவுக்கோப்பைதான் இருக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே அரிசி வேகவேணும். நாங்கள் ரீச்சரின்ர பேணியில தண்ணி நிரப்பி, அளவுச்சாடியில ஊத்திப் பார்த்துத்தான் அந்த 300ஐப் போட்டம். ‘சுண்டு’ எண்ட சொல்லை எடுத்திட்டுக் ‘கப்’ எண்டு போட்டிருக்கலாம். ஆனா அப்ப ஒவ்வொரு வீடியோவிலயும் ரீச்சர் தடுமாறுவா, அவவின்ர கை அளக்கிறது சுண்டாலதான்.

இங்கதான் பெரிய வாக்குவாதம் வருது. கூட்டாளி ஒருத்தன் சொன்னான், ‘தேசிக்காய் எண்டு ஆர் தேடப்போகினம்? எலுமிச்சை எண்டு போடு, கறி எண்டு போடாத, குழம்பு எண்டு போடு. தமிழ்நாட்டு ஆக்கள்தான் கூட.’ கணக்கில அவன் சொல்லுறது பிழையில்லை. நானும் ஒரு கிழமை ரீச்சரை ‘எலுமிச்சை’ சொல்ல வச்சன். ஒவ்வொரு தரமும் அந்தச் சொல்லுக்கு முன்னால அவ ஒரு கணம் நிண்டு நிண்டு சொன்னா. பிறகு சொன்னா, ‘எலுமிச்சை எண்டு சொல்லேக்கை என்ர வாயே என்னை நம்புதில்லை.’

அதுக்குப் பதிலா அவன் புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சனலைக் காட்டினான். சின்னவீரமங்கலத்தில தாத்தா பெரியதம்பியும் பேரன்மாரும் 2018இல தொடக்கினது. 2021இல ஒரு கோடி சந்தாதாரரைத் தாண்டின முதல் தமிழ் சனல் அது. அவை தங்கட ஊர்ப் பேச்சிலதான் கதைக்கினம், சாமான்களின்ர பேரைக் கத்திச் சொல்லி அண்டாவில கொட்டுகினம், தாத்தாவின்ர ‘இன்னைக்கு ஒரு புடி’ எல்லாற்ற வாயிலயும் இருக்கு. ‘பார், ஊர்ப் பேச்சு விலைப்படுது, நீங்களும் அப்படிக் கத்துங்கோ’ எண்டான்.

எனக்கு அந்தச் சனல் பிடிக்கும். ஆனா அது எங்களுக்கு ஆதாரம் இல்லை. நூறு பேருக்கு வயலுக்குள்ள சமைக்கிறதைப் பார்க்க ஒரு சொல்லும் விளங்கத் தேவையில்லை, கண் காணும். ஆரும் அதைப் பார்த்து வீட்டில அதே அளவில சமைக்கப் போறதில்லை. ரீச்சரின்ர வீடியோ வேற. அதைப் பார்க்கிற ஆள் ஒரு கையில போனும் மறு கையில அகப்பையுமா நிக்கிறார். அவருக்குச் சொல் விளங்கவேணும். அதே போல, ‘ரேவதி சண்முகமும் கவிஞர் வீட்டுச் சமையலும்’ எண்ட பேரையும் பார்த்துப் படிக்க ஏலாது. கண்ணதாசனின்ர மகள் எண்டது தமிழ் தெரிஞ்ச ஆக்களுக்கு அறிமுகம் தேவையில்லாத விசயம், ‘கவிஞர்’ எண்ட ஒரு சொல் காணும். மூண்டாம் மாடி ரீச்சருக்கு அந்த வசதி இல்லை.

நாங்கள் கண்ட வழி சொல்லைப் பங்கு பிரிக்கிறது. ரீச்சர் வாயால சொல்லுறதும், தலைப்பும் அவவின்ர சொல்லில: சொதி, தேசிக்காய், செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், தேங்காய்ப்பூ. வீடியோவுக்குக் கீழ எழுதுற விளக்கத்தின்ர ரெண்டாவது வரியில மற்றப் பேருகள். சொதி வீடியோவின்ர கீழ முதல் ரெண்டு வரியும் இப்படி இருக்கு:

‘யாழ்ப்பாணச் சொதி, ரெண்டு பேருக்கு. பால் திரையாமல் இருக்க ரெண்டு இடத்தில கவனம்: கெட்டிப்பால் விடேக்கை, புளி விடேக்கை.

தேசிக்காய் என்பது எலுமிச்சை. தேங்காய்ப்பூ என்பது துருவின தேங்காய்.’

தேடுற ஆளுக்கு எலுமிச்சையும் அகப்படும், ரீச்சரின்ர வாயும் அவவை நம்பும். ரெண்டு வரி எண்டு ஏன் சொல்லுறன் எண்டா, அதுக்குப் பிறகு உள்ளது மடிஞ்சு போயிடும். அந்த ரெண்டு வரியையும் முகநூல் இணைப்புக்கும் வாட்ஸப் குழுவுக்கும் குடுத்திட்டு, சாமான் அளவைக் கீழ ஒளிச்சு வைக்கிற வீடியோக்களைப் பார்த்திருப்பியள். அகப்பையோட நிக்கிற ஆள் திட்டுவார்.

மடிஞ்ச பகுதியில அளவுகள்: அரைத் தேங்காய், சின்ன வெங்காயம் எட்டு, பச்சைமிளகாய் மூண்டு, வெந்தயம் கால் தேக்கரண்டி, அரைத் தேசிக்காய். அதுக்குக் கீழ நேரக்குறிப்பு. இதை 00:00இல தொடங்கவேணும், ஆகக் குறைஞ்சது மூண்டு குறிப்பு இருக்கவேணும், ஒவ்வொரு பகுதியும் பத்து விநாடிக்குக் குறையக்கூடாது. அப்படி எழுதினாத்தான் வீடியோவின்ர கோடு பகுதி பகுதியாப் பிரியும்.

```
00:00 ஏன் திரையுது
00:25 பால் பிழியிறது
02:10 தண்ணிப்பாலில அவிக்கிறது
04:40 கெட்டிப்பாலும் தேசிக்காயும்
```

பகுதிகளுக்குப் பேர் வைக்கேக்கையும் ரீச்சர் விட்டுக்குடுக்கேல்ல. நான் ‘இறுதிக் கட்டம்’ எண்டு எழுதினதை வெட்டிப்போட்டு, அங்க என்ன நடக்குதோ அதை எழுதினா.

இந்த வரிகளால சனல் வளர்ந்திட்டுது எண்டு சொல்லமாட்டன். புது ஆளைக் கொண்டு வாறது தலைப்பும் படமும்தான். ஆனா வந்த ஆள் என்ன எழுதுறார் எண்டது மாறிச்சு. முந்தி கீழ ‘சுப்பர் ஆன்ரி’, ரெண்டு இதயம், அவ்வளவுதான். இப்ப, ‘ரீச்சர், நான் ரின்னில வாற பாலை விட்டனான், அதுவும் திரையுமோ?’ எண்டு கேக்கினம். ரீச்சர் பின்னேரத்தில கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்து, ஒவ்வொண்டுக்கும் பதில் எழுதுறா. சிவப்புப் பேனை மட்டும்தான் கையில இல்லை.

உங்கட வீட்டில ஆருக்காவது சனல் தொடக்கிக் குடுக்கிறதெண்டா, கடதாசியை எடுக்கவேண்டாம். அவை வெளிநாட்டில இருக்கிற ஆருக்காவது போனில சமையல் சொல்லுற நேரம் பக்கத்தில இருங்கோ. ‘ஹலோ’வுக்குப் பிறகு அவை கேக்கிற முதல் கேள்வியை அப்படியே எழுதுங்கோ. திருத்தாதேங்கோ. நான் திருத்தினபடியால் எங்களுக்கு ஒன்பது வீடியோ போச்சு.